கடிகாரம் மாறும் இரவில் நைட் ஷிஃப்ட்: எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம்?

பிரிட்டனில் கேர் ஹோம்களில் பல வருடம் நைட் செய்தேன். அப்புறம் ரோட்டா, அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், போடும் பொறுப்பும் என்னிடம் வந்தது. வருடத்தில் இரண்டு முறை, அக்டோபர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும், நம் ஆட்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரத்தை இப்படி வருடாவருடம் மாற்றும் வழக்கம் இல்லாததால், புதிதாக வருகிறவர்களுக்கு இது சம்பளத்தைத் தொடும் விஷயம் என்றே தோன்றுவதில்லை. கேட்டவர்களின் கேள்வியையும் என் பதிலையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் பிரிட்டன் நிலவரம்.

சரியாக எந்த நேரத்தில் மாற்றுகிறார்கள்?

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, அதிகாலை 1 மணிக்கு. அந்த நொடியில் 1 மணி 2 மணியாகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு, அதிகாலை 2 மணிக்கு அது மறுபடி 1 மணியாகும். ஆக, மார்ச்சில் 1க்கும் 2க்கும் இடையிலான ஒரு மணி நேரம் இருக்காது. அக்டோபரில் அதே மணி நேரம் இரண்டு தடவை வரும். 2026இல் இந்த நாட்கள் மார்ச் 29, அக்டோபர் 25. இரண்டுமே சனிக்கிழமை இரவு வேலைக்குப் போகிறவர்கள் தலையில்தான் விழும்.

அக்கா, என் ஷிஃப்ட் இரவு எட்டிலிருந்து காலை எட்டு. அன்றைக்கு நான் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறேன்? குழப்பமாக இருக்கிறது.

உங்கள் ஃபோனில் சென்னை நேரத்தையோ கொழும்பு நேரத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுதான், இரண்டும் மாறுவதில்லை. அதில் எண்ணினால் குழப்பமே வராது.

அக்டோபர் சனிக்கிழமை இங்கே இரவு 8 மணிக்கு உள்ளே போகிறீர்கள். கோடைக்கால நேரம் இன்னும் முடியவில்லை, ஊருக்கும் இங்கேக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஊரில் அப்போது நள்ளிரவு 12.30. காலையில் இங்கே 8 மணிக்கு வெளியே வருகிறீர்கள். இதற்குள் கடிகாரம் மாறி, வித்தியாசம் ஐந்தரை ஆகிவிட்டது. ஊரில் பகல் 1.30. 12.30இலிருந்து 1.30 வரை எண்ணிப் பாருங்கள்: 13 மணி நேரம்.

மார்ச்சில் இது தலைகீழ். உள்ளே போகும்போது ஊரில் அதிகாலை 1.30, வெளியே வரும்போது பகல் 12.30. 11 மணி நேரம்.

இதிலிருந்து சம்பளமில்லாத இடைவேளையைக் கழிக்க வேண்டும். பல இடங்களில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு மணி நேரம் கழிப்பார்கள். அப்படியானால் சாதாரண இரவுக்கு 11, அக்டோபர் இரவுக்கு 12, மார்ச் இரவுக்கு 10. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றித்தான்.

"ரோட்டாவில் எட்டிலிருந்து எட்டு, எப்போதும் போல பதினொன்றுதான்" என்கிறார் மேனேஜர். சட்டம் என்ன சொல்கிறது?

கடிகாரம் மாறும் இரவுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் கோடைக்கால நேரச் சட்டம் கடிகாரத்தை மாற்றச் சொல்கிறதே தவிர, சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வேலை ஒப்பந்தம். அதில் மூன்று விதமான வாசகங்களைப் பார்த்திருக்கிறேன்.

"வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு" என்று இருந்தால் விஷயம் முடிந்தது. வேலை செய்தது 12 மணி நேரம், சம்பளமும் 12 மணி நேரத்துக்கு. ரோட்டாத் தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்பது அங்கே எடுபடாது. "ஒரு ஷிஃப்டுக்கு இவ்வளவு" என்று மொத்தமாக இருந்தாலோ, வருடச் சம்பளமாக இருந்தாலோ, கூடுதல் மணி நேரத்துக்குத் தனியாகப் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தை வைத்து மட்டும் வாதாடுவது கடினம். ஆனால் அப்போதும் ஒரு எல்லை உண்டு, அதுதான் மினிமம் வேஜ். ஒப்பந்தத்தில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அதற்குக் கீழே போக முடியாது.

இவற்றோடு ஊழியர் கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். கடிகார மாற்றத்துக்கென்று ஒரு பத்தி பல இடங்களில் அதில்தான் ஒளிந்திருக்கும்.

ஒரே ஒரு மணி நேரம்தானே? அதற்கெல்லாம் மினிமம் வேஜ் சட்டம் வருமா?

வரும். எப்படி என்று ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பெரும்பாலானோர் வேலை செய்வது இந்த விளிம்பில்தான்.

2025 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். அப்போது 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. ஒருவர் மாதச் சம்பளக்காரர், மணிக்கூலி சரியாக அதே 12.21. அந்த மாதம் 14 நைட் செய்தார், அதில் ஒன்று 25ஆம் தேதி இரவு. கேர் ஹோம்காரர்கள் எல்லா இரவையும் பதினொன்றாகப் போட்டு 154 மணி நேரத்துக்குக் கொடுத்தார்கள்: 1,880.34 பவுண்டு. அவர் உண்மையில் வேலை செய்தது 155 மணி நேரம். 1,880.34ஐ 155ஆல் வகுத்தால் மணிக்கு 12.13 வருகிறது. 12.21க்குக் கீழே. ஆகவே 12.21 பவுண்டு பாக்கி, அது சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய பாக்கி.

இப்போது பக்கத்தில் இருப்பவருக்கு மணிக்கு 12.60 என்று வைத்துக்கொள்வோம். 154 மணி நேரத்துக்கு 1,940.40. அதை 155ஆல் வகுத்தால் 12.52. குறைந்தபட்சத்துக்கு மேலேதான் இருக்கிறது. அவருக்கு மினிமம் வேஜ் சட்டம் கைகொடுக்காது, ஒப்பந்தத்தில் உள்ள வார்த்தைதான் பேச வேண்டும். ஒரே இரவு, ஒரே கட்டடம், ஒரே வேலை. ஆனாலும் இரண்டு பேருக்கும் வழி வேறு.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "எனக்கு அடிப்படை 12.21, அதோடு நைட்டுக்கு மணிக்கு ஒரு பவுண்டு கூடுதல், ஆக 13.21 வருகிறதே" என்பார்கள். இரவு வேலை என்பதற்காக அடிப்படைக்கு மேல் தரும் அந்தக் கூடுதல் தொகை மினிமம் வேஜ் கணக்கில் சேராது. அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கழித்தால் அவரும் முதல் ஆள் நிலைமைதான்.

2026 ஏப்ரலிலிருந்து அந்த 12.21 என்பது 12.71. எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான்.

"மார்ச்சில் ஒரு மணி நேரம் குறைவாக வேலை செய்துவிட்டு முழுச் சம்பளம் வாங்கினீர்களே, அதுவும் இதுவும் சரிக்குச் சரி" என்கிறார்கள். நியாயம்தானே?

கேட்க நியாயமாக இருக்கும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது. ரோட்டா போட ஆரம்பித்த பிறகுதான் அதில் உள்ள ஓட்டை தெரிந்தது. மார்ச் சனிக்கிழமை இரவு வந்த ஆளும் அக்டோபர் சனிக்கிழமை இரவு வந்த ஆளும் ஒருவரே அல்ல. ஏழு மாதத்தில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். ஜூனில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த பெண்ணுக்கு மார்ச்சில் யாரும் எதுவும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. அவளிடம் எதைச் சரிக்கட்டுவது?

ஆளே ஒருவராக இருந்தாலும், மினிமம் வேஜ் கணக்கில் அந்த வாதம் செல்லாது. சம்பளக் காலம் என்று ஒன்றை வைத்துத்தான் சராசரி பார்ப்பார்கள். வாரச் சம்பளமென்றால் அந்த வாரம், மாதச் சம்பளமென்றால் அந்த மாதம். அதற்கு மேல் நீட்ட முடியாது. மார்ச்சில் கூடுதலாகக் கிடைத்ததை அக்டோபரின் ஓட்டையில் வைத்து அடைக்கச் சட்டம் விடுவதில்லை.

மேனேஜர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எந்த விதியை வைத்தாலும் இரண்டு இரவுக்கும் அதையே வையுங்கள். மார்ச்சில் உண்மையான நேரத்தை எண்ணி பத்துக்குக் கொடுத்துவிட்டு, அக்டோபரில் ரோட்டாவைக் காட்டி பதினொன்றுக்குக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. நான் நைட் செய்த ஓர் இடத்தில் அப்படித்தான் நடந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நினைக்கவில்லை. மார்ச்சில் சம்பளம் போட்டவர் கவனமானவர், அக்டோபரில் போட்டவர் பழைய தாளை அப்படியே நகலெடுத்தவர். ஆனால் இரண்டு முறையும் நஷ்டம் எங்களுக்கு.

மார்ச்சில் பத்து மணி நேரத்துக்குத்தான் கொடுத்தார்கள். ரோட்டாவில் பதினொன்று போட்டிருந்தார்களே, ஒரு மணி நேரத்தைப் பிடிக்கலாமா?

மணிக்கூலி ஒப்பந்தமாக இருந்து, உண்மையில் பத்து மணி நேரம்தான் வேலை செய்தீர்கள் என்றால், பத்துக்குக் கொடுப்பதில் தவறில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்தான், ஆனால் அக்டோபரில் நாம் கேட்கிற அதே விதி இது. சில இடங்களில் நல்லெண்ணமாக முழு இரவுக்கும் கொடுப்பார்கள். வேறு சில இடங்களில் அந்த ஒரு மணி நேரத்தை விடுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளவோ இன்னொரு நாள் சேர்த்து வேலை செய்யவோ விடுவார்கள். வருடச் சம்பளம் என்றால் பொதுவாகக் குறையாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். "நீ எங்களுக்கு ஒரு மணி நேரம் கடன்பட்டிருக்கிறாய்" என்று பின்னால் சம்பளமில்லாமல் வேலை வாங்க வேண்டுமானால், அதற்கு ஒப்பந்தத்திலோ கையேட்டிலோ இடம் இருக்க வேண்டும். மேனேஜர் அன்றைக்கு வாயால் சொல்வது போதாது. சம்பளத்திலும் பிடித்து, நேரத்தையும் கேட்டால், அது ஒரே மணி நேரத்தை இரண்டு முறை எடுப்பது.

அக்டோபரில் பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் ஏழு மணிக்கே கிளம்பிவிடலாமா?

ஒப்பந்தம் "12 மணி நேர ஷிஃப்ட்" என்கிறதா, "இரவு 8 முதல் காலை 8" என்கிறதா என்பதைப் பொறுத்தது. முதலாவது என்றால் ஏழு மணிக்கு முடிப்பதாகக் கேட்க உங்களுக்கு இடம் உண்டு. இரண்டாவது என்றால் எட்டு வரை இருக்க வேண்டியதுதான். எதுவாக இருந்தாலும், பகல் ஆட்கள் வந்து ஹேண்டோவர் முடியாமல் தளத்தை விட்டு இறங்காதீர்கள். நாம் பார்ப்பது மனிதர்களை. சம்பளத் தகராறைத் திங்கட்கிழமை பேசலாம், ஞாயிறு காலை ஆளில்லாத தளத்தில் ஒரு பெரியவர் விழுந்தால் அதைத் திருத்த முடியாது.

நான் ரோட்டா போட்டபோது இரண்டு வாரம் முன்னாலேயே பகல் ஆள் ஒருவரை ஏழு மணிக்கு வரச் சம்மதிக்க வைத்துவிடுவேன். நைட் ஆட்கள் வழக்கமான நேரம் முடித்துப் போவார்கள், கூடுதல் ஒரு மணி நேரம் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவருடையதாக இருக்கும். செலவு அதேதான். பதிமூன்றாவது மணி நேரத்தில் மருந்து கொடுக்கும் கை யாருடையது என்பது மட்டும் மாறும்.

என்.எச்.எஸ். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். எனக்கு மாதச் சம்பளம். அந்த ஒரு மணி நேரம் என்னவாகும்?

உங்கள் டிரஸ்டின் உள்விதியைப் பாருங்கள். கூடுதல் நேரத்தைப் பணமாகவோ ஈட்டு விடுப்பாகவோ தருவது வழக்கம், ஆனால் அது இடத்துக்கு இடம் வேறுபடும். வார்டு மேனேஜருக்கு முன்னதாகவே ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்' ஒப்பந்தத்தில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அதில் ஞாயிறு வேலைக்கான கூடுதல், சனிக்கிழமைக்கும் சாதாரண இரவுக்கும் உள்ளதை விட அதிகம். நள்ளிரவு தாண்டியதும் ஞாயிறு ஆரம்பம். இரண்டு முறை வரும் அந்த 1 மணி, ஞாயிற்றுக்கிழமைக்குள் விழுகிறது. ஆகவே கூடுதல் மணி நேரத்துக்குப் பணம் தருவதாக இருந்தால் அது ஞாயிறு வீதத்தில் வர வேண்டும். மார்ச்சில் காணாமல் போவதும் ஞாயிறு மணி நேரம்தான்.

நான் ஸ்லீப்-இன் போகிறேன். இரவுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. எனக்குக் கூடுதல் உண்டா?

வேலை இடத்திலேயே படுத்துத் தூங்கி, கூப்பிட்டால் மட்டும் எழுந்திருக்கும் ஏற்பாடு என்றால், பெரும்பாலும் இல்லை. 2021 மார்ச்சில் மென்கேப் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஸ்லீப்-இன் ஆட்களுக்கு விழித்திருந்து வேலை செய்யும் நேரத்துக்குத்தான் மினிமம் வேஜ் பொருந்தும் என்று முடிவாகச் சொல்லிவிட்டது. கூடுதலாக வருவது தூங்கும் நேரம் என்றால் அதற்கு அந்தச் சட்டம் வராது. அந்த நேரத்தில் எழுப்பப்பட்டு வேலை செய்திருந்தால் அது கணக்கில் வரும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது திரும்பப் படுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

நான் ஸ்டூடண்ட் விசா. வாரம் இருபது மணி நேரம்தான். சனி நைட் செய்தால் சிக்கல் வருமா?

வரும், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பட்டப் படிப்பு மாணவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் உச்சவரம்பு. விசா விதியில் வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. அக்டோபர் கடைசியில் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும். அந்த வாரம் வெள்ளி இரவு பத்து மணி நேரம், சனி இரவு பத்து மணி நேரம் என்று ரோட்டாவில் சரியாக இருபது இருந்தால், உண்மையில் ஆவது இருபத்தொன்று. "கடிகாரம்தான் செய்தது" என்பதற்கு விதியில் விலக்கு இல்லை. சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் வேலை செய்த நேரம் வேலை செய்த நேரம்தான். முந்தைய வாரமே மேனேஜரிடம் சொல்லி, சனி ஷிஃப்டை ஒரு மணி நேரம் தாமதமாக ஆரம்பித்துக்கொள்ளுங்கள். இதில் தயங்கவே வேண்டாம்.

எக்செல்லில் டைம்ஷீட் போடுகிறேன். அது எப்போதும் 12 என்றே காட்டுகிறது. என்ன தவறு?

தவறு உங்களுடையதல்ல. பலரும் பயன்படுத்தும் சூத்திரம் இது:

```
=MOD(C2-B2,1)*24
```

B2 தொடங்கிய நேரம், C2 முடிந்த நேரம். எக்செல் சுவர்க் கடிகாரத்தில் தெரியும் இரண்டு எண்களைக் கழிக்கிறதே தவிர, நடுவில் கடிகாரத்தை யாரோ தொட்டது அதற்குத் தெரியாது. தேதியைச் சேர்த்து எழுதினாலும் இதே 12தான் வரும். எளிய வழி, D என்று ஒரு திருத்தப் பத்தியை வைத்து, அக்டோபர் இரவுக்கு 1, மார்ச் இரவுக்கு -1, மற்ற நாட்களுக்கு 0 போடுவது:

```
=MOD(C2-B2,1)*24+D2
```

1 மணிக்கு முன்பே வேலை முடித்துப் போனவர்களுக்கும், 2 மணிக்குப் பிறகு வந்தவர்களுக்கும் திருத்தம் வேண்டாம், 0 போதும். கைரேகை இயந்திரம், ஃபோன் செயலி என்று எது வைத்திருந்தாலும், அந்த ஒரு இரவின் மொத்தத்தை மட்டும் ஊர் நேரத்தில் ஒருமுறை எண்ணிச் சரிபாருங்கள்.

சம்பளச் சீட்டில் பதினொன்று என்றுதான் வந்திருக்கிறது. எப்படிக் கேட்பது? சண்டை வேண்டாம்.

சண்டையே வேண்டாம். மூன்று வரி எழுதினால் போதும். "25 அக்டோபர் இரவு 8க்குத் தொடங்கி 26 காலை 8க்கு முடித்தேன். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனதால் அது 13 மணி நேரம், இடைவேளை போக 12. சீட்டில் 11 இருக்கிறது, சரிபார்க்க முடியுமா?" பெரும்பாலும் அடுத்த மாதமே வந்துவிடும், ஏனென்றால் அதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஏஜென்சி ஆட்கள் அன்று காலையிலேயே டைம்ஷீட்டில் "கடிகாரம் பின்னால்" என்று எழுதிப் பொறுப்பாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் ஏகாஸ் அமைப்பை அழையுங்கள், எண் 0300 123 1100, ஆலோசனை இலவசம். தீர்ப்பாயத்துக்குப் போகும் காலக்கெடு மாதக் கணக்கில் எண்ணப்படுவது, ஆகவே அடுத்த கோடை வரை தள்ளிப் போடாதீர்கள். ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரியும். ஆனால் மினிமம் வேஜ் கேட்டதற்காக ஒருவரை வேலையை விட்டு எடுப்பது சட்டவிரோதம், விசா எதுவாக இருந்தாலும்.

இரண்டு முறை வரும் அந்த ஒரு மணியில் குறிப்பு எழுதும்போது எந்த நேரத்தை எழுதுவது?

இது சம்பளக் கேள்வி இல்லை, ஆனாலும் கேட்டது நல்லது. 1.20 என்று மட்டும் எழுதினால் எந்த 1.20 என்று காலையில் யாருக்கும் தெரியாது. முதல் தடவை என்றால் கோடைக்கால நேரத்தைக் குறிக்கும் பிஎஸ்டி, இரண்டாவது என்றால் குளிர்கால நேரத்தைக் குறிக்கும் ஜிஎம்டி என்று பக்கத்தில் போடுங்கள். மருந்து இடைவெளியையும் உண்மையான நேரத்தில் எண்ணுங்கள். அக்டோபர் இரவு 12.30க்குப் பாராசிட்டமால் கொடுத்தால், நான்கு மணி நேரம் கழிந்து கடிகாரம் காட்டுவது 3.30. மார்ச்சில் அதே நான்கு மணி நேரத்துக்குப் பிறகு 5.30 காட்டும். அங்கே 4.30ஐப் பார்த்துக் கொடுத்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிடுவீர்கள்.